காரைக்குடிக் கடை கேட்கும் மாற்றங்களுக்குத் தலைமை அலுவலகம் என்ன பதில் எழுதலாம்?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு காபி–டிபன் செயினின் பிரான்சைஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் கடையைப் போடுகிறவர் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். போர்டில் தமிழ் பெரிதாக வேண்டும், பச்சைக்குப் பதில் மெரூன்–மஞ்சள் வேண்டும், பிராண்டு பெயருக்கு முன்னால் தன் குடும்பத்தைக் குறிக்கும் வீட்டு விலாச எழுத்துகள் வேண்டும், கண்ணாடி முகப்பு போடாமல் திண்ணையும் தூண்களும் அப்படியே இருக்க வேண்டும், தரைக்கு ஆத்தங்குடிக் கல், கல்லாவை வாஸ்துப்படி மாற்றி மேலே முருகன் படம். மேலாளர் "ஸ்டாண்டர்டு லுக் மாறக்கூடாதுன்னு ஒரு பதில் போட்டுரு" என்கிறார். கடை போடுகிறவரோ என் அப்பா வயசுக்காரர். மனசு நோகாமல் எப்படி மறுப்பது?

பதில்: எப்படி மறுப்பது என்று யோசிக்கும் முன், எதையெல்லாம் மறுக்க வேண்டும் என்று பாருங்கள். அந்த மெயிலில் ஆறு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்றை நீங்கள் மறுக்கவே முடியாது, சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. இரண்டைக் கட்டாயம் மறுத்தாக வேண்டும். மிச்சம் மூன்றையும் நிபந்தனையோடு கொடுக்கலாம். ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மாறக்கூடாது" என்று எழுதினால், நியாயமானதைக் கேட்டும் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் நியாயமில்லாததையும் சேர்த்துச் செய்துவிடுவார். உணவுச் செயின்களின் தலைமை அலுவலகத்தில் பல வருஷம் இதே மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், கடைத் திறப்பு விழாப் படங்கள் வந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

முதலில் தமிழ் போர்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இல் 15-ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், வேறு மொழியும் இருந்தால் தமிழே முதன்மையாகத் தெரிய வேண்டும் என்கிறது. உணவகங்களுக்கான விதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. தொழிலாளர் துறை இதைத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்ற அளவாகச் சொல்லிவருகிறது. ஆகவே உங்கள் ஸ்டாண்டர்டு வரைபடத்தில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் மூலையில் பொடியாகவும் இருந்தால், திருத்த வேண்டியது உங்கள் வரைபடத்தைத்தான். இதற்கு "அனுமதி தருகிறோம்" என்று எழுதுவதே தப்பு. "சட்டப்படி இருக்க வேண்டியது, புது வடிவம் அனுப்புகிறோம்" என்று எழுதுங்கள். ஆய்வாளர் வந்து கேட்டால் நோட்டீஸ் வாங்கப்போவது அவர்தான், நீங்கள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் அந்தத் தமிழ் எழுத்தை அவர் ஊர் போர்டுக்காரர் கையில் விட்டுவிடாதீர்கள். தலைமை அலுவலகம் தமிழ் எழுத்துரு தராத செயின்களில் நடப்பது இதுதான்: ஒரு ஊரில் "காபி", இன்னொரு ஊரில் "காஃபி", மூன்றாவது ஊரில் "காப்பி". எழுத்து வடிவமும் கம்ப்யூட்டரில் எது முதலில் கிடைத்ததோ அது. உங்கள் பிராண்டின் தமிழ் வடிவத்தை டிசைனரிடம் ஒரே ஒருமுறை ஒழுங்காக வரையச் சொல்லி, அதையும் வணிகச் சின்னமாகப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். உணவகச் சேவைக்கு 43-ஆம் வகுப்பு, காபித்தூளும் விற்றால் 30-ஆம் வகுப்பு. பதிவாகி வரக் காலம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, வரைந்த கோப்பைக் கடைக்கு அனுப்பிவிடலாம். காரைக்குடிக்காரர் கேட்டதால் உங்களுக்கு ஒரு பழைய ஓட்டை அடைபடுகிறது.

அடுத்தது வீட்டு விலாசம். இதுதான் ஆறிலும் நாசூக்கானது, உறுதியாக மறுக்க வேண்டியதும் இதுதான். அந்த ஊரில் விலாச எழுத்துகள் ஒரு குடும்பத்தின் கௌரவம். மூன்று எழுத்தைப் பார்த்தே இன்னார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். தன் பேரை நம்பி ஊர் வரும் என்று அவர் நினைப்பதும் பொய்யில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வணிகச் சின்னச் சட்டம், 1999 உரிமையாளர் அல்லாத ஒருவர் சின்னத்தைப் பயன்படுத்துவதை "அனுமதிக்கப்பட்ட பயன்பாடு" என்று ஏற்கிறது. அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்குள் பயன்பாடு இருக்க வேண்டும். பிரான்சைஸ் என்பதே இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது, ஏனென்றால் இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தச் சட்டமும் வணிகச் சின்னச் சட்டமும்தான். விலாசத்தை முன்னால் ஒட்டிய பெயர் உங்கள் பெயர் அல்ல, புதிதாகப் பிறந்த ஒரு பெயர். அது ஊரில் ஐந்து வருஷம் ஓடி, அப்புறம் ஒப்பந்தம் முடிந்தால், பின்பாதியை அவர் எடுத்துவிட்டு முன்பாதியோடு அதே இடத்தில் அதே காபியைப் போடலாம். வாடிக்கையாளருக்குக் கடை மாறியதே தெரியாது. பின்பாதியையும் எடுக்க மறுத்தால் வழக்கு, அந்த வழக்கில் "அஞ்சு வருஷம் இவங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாங்க" என்ற வாதம் வரும்.

இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துவிடுகிறேன். எழுத்தில் இல்லாத மாற்றம் ஒப்பந்தத்துக்கு வெளியே போகிறது என்பது உறுதி. ஒரே ஒரு கடையில் ஒட்டிய மூன்று எழுத்தால் உங்கள் பதிவு பெற்ற சின்னமே ஆட்டம் காணும் என்பது ரொம்பச் சந்தேகம். அடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத சேர்க்கைகளை, அதே சின்னத்தின் பயன்பாடாகவே ஏற்கத் தீர்ப்பாயத்துக்குச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே கடிதத்தில் "எங்கள் டிரேட்மார்க் போய்விடும்" என்று பயமுறுத்தாதீர்கள். அவர் ஒரு வக்கீலிடம் காட்டினால் அடுத்த நிமிஷம் உங்கள் கடிதத்தின் மரியாதை போய்விடும். பிரியும் நாளில் யார் பெயர் எது என்ற குழப்பம் வரும் என்ற உண்மையான காரணத்தை எழுதுங்கள். வியாபாரக் குடும்பம், அது அவருக்கு உடனே புரியும்.

மறுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. அவர் பேருக்குப் போர்டில் முறையான ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதிகளில் 18-ஆவது, பதிவுச் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைக்கவும், நுழைவாயில் பெயர்ப்பலகையில் ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டவும் சொல்கிறது. அந்த எண் அவருடைய நிறுவனத்தின் பேரில் இருக்கும், உங்கள் பேரில் இருக்காது. உணவுப் பாதுகாப்பு உரிமமும் அப்படித்தான். ஆகவே நுழைவாயில் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு: "உரிமம் பெற்று நடத்துபவர்" என்று போட்டு, விலாசத்தோடு அவர் நிறுவனப் பெயர், கீழே எண்கள். பிராண்டு எழுத்திலிருந்து விலகி, வேறு எழுத்துருவில். ஊர்க்காரர்கள் படிக்கப்போவது அந்தத் தகட்டைத்தான். பழைய வீட்டு வாசலுக்குப் பித்தளை பொருந்தவும் செய்யும்.

நிறம். "மெக்டொனால்ட்ஸே கலரை மாத்தியிருக்கான்" என்று அவர் ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பக்கூடும், எனக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து செடோனா ஊர்க் கடை அது. செம்மண் பாறைகளுக்கு நடுவே மஞ்சள் வளைவு உறுத்தும் என்று நகராட்சி மறுத்ததால், 1993-இல் திறந்தபோது வளைவை நீலப்பச்சையில் வைத்தார்கள். அந்தப் படம் உண்மைதான், ஆனால் அது அவருக்கு உதவாது. அங்கே கேட்டது ஊர் நிர்வாகம், கடைக்காரர் இல்லை. நிறம் மாறினாலும் வளைவின் வடிவம் மாறவில்லை, உலகம் முழுக்கத் தெரிந்த வடிவம் என்பதால் நிறம் போனாலும் ஆள் தெரிந்தது. உங்கள் செயினுக்கு அப்படி ஒரு வடிவம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் போர்டுதான், பச்சைதான். நாளைக்குக் காரைக்குடி மாநகராட்சி ஏதாவது நிறக் கட்டுப்பாடு போட்டால் அப்போது பேசலாம்.

நிறம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குப் போர்டுத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குப் பத்தடி தூரம் வரை வசதியாகப் படிக்கலாம். ஒன்பது அங்குல எழுத்து என்றால் தொண்ணூறு அடி. அதற்கு அந்தப்பக்கம் பஸ்ஸில் வருகிறவர் படிப்பதில்லை, நிறத்தைப் பார்த்து "அந்தக் கடை இங்கயும் வந்துடுச்சு" என்று சொல்கிறார். வெளியூர் ஆட்கள் வந்துபோகும் காரைக்குடி மாதிரி ஊரில் பிரான்சைஸ் கட்டணம் கொடுத்து அவர் வாங்கியதில் பெரும்பங்கு இதுதான். இதை அவரிடம் சொல்லலாம். இன்னொன்று, மெரூன், மஞ்சள், கறுப்பு, சிவப்பு என்று எதைத் தொட்டாலும் நம் ஊரில் அது ஏதாவது ஒரு கொடியை ஞாபகப்படுத்தும். இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், போனில் சொன்னால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்.

அதே சமயம் அவர் கண்ணில் ஒரு நியாயம் இருக்கிறது. முகப்பு அகலம் முழுக்க இருபது அடிக்குப் பச்சை ஏ.சி.பி. ஷீட்டை அடித்தால் அந்த வீடு நாசமாகத்தான் தெரியும். இதற்கு வழி நிறத்தை மாற்றுவதில் இல்லை, பச்சையின் பரப்பைக் குறைப்பதில் இருக்கிறது. வாசலுக்கு மேலே ஆறடிக்கு இரண்டடிப் பலகை ஒன்று, அதே பச்சை, அதே க்ரீம் எழுத்து. பச்சையை ஷீட் கம்பெனியின் ஷேடு கார்டு எண்ணைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வாட்ஸப் படத்தைப் பார்த்து ஊர்க்கடையில் "மேட்ச்" பண்ணினால் கிளிப்பச்சை வந்து நிற்கும். எல்.இ.டி.யையும் எழுதிக் கொடுங்கள். 3000 கெல்வின் என்றால் க்ரீம் எழுத்து க்ரீமாகவே தெரியும். 6500 போட்டுவிட்டால் இரவில் நீலவெள்ளை அடித்து, பக்கத்து மருந்துக்கடை போர்டு மாதிரி ஆகிவிடும். நிறம் மாறிவிட்டது என்று வரும் புகார்களில் பாதி, விளக்கு மாறியதால் வருவது.

திண்ணையும் தூணும் இருக்கட்டும். கண்ணாடி முகப்பு உங்கள் மற்றக் கடைகளில் ஏன் வந்தது? புதுக் கட்டடத்தில் ஷட்டருக்குப் பின்னால் வேறு ஒன்றும் இல்லாததால் வந்தது, ஏ.சி. வெளியே போகாமலும் ஈ உள்ளே வராமலும் தடுக்க வந்தது. இங்கே அந்த வேலைகளை உள்வாசலில் செய்துகொள்ளலாம்: தானாக மூடும் கதவு, மேலே ஏர் கர்ட்டன், ஜன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டம். பலகையைத் தூணிலோ சுண்ணாம்புப் பூச்சிலோ துளை போட்டு மாட்டக்கூடாது, தனி இரும்புச் சட்டத்தில் நிற்க வேண்டும். இதைவிட முக்கியமாக ஒரு தாளைக் கேளுங்கள். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்காது, பங்காளிகள் பலருக்கு இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு மற்றவர்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் வேலையை ஆரம்பித்தால், மலேசியாவிலிருந்து விசேஷத்துக்கு வந்த பங்காளி ஒருவர் கடை வாசலில் வந்து நிற்பார். முகப்பைவிட இதுதான் கடையை மூட வைக்கும்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு உட்காரும் இடத்தில் சரி, சமையலறையிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, சிமெண்டும் ஊர் மணலும் சேர்த்துக் கையால் வார்ப்பது அது. சுடுவதில்லை. அதனால் ஈரத்தை உறிஞ்சும். மஞ்சள், காபிக் கறை பிடிக்கும், எலுமிச்சை பட்டால் மேற்பூச்சு அரிக்கும். வீட்டில் காலகாலமாகத் துடைத்துத் துடைத்து, நடந்து நடந்து அதற்கு ஒரு பளபளப்பு வந்துவிடுகிறது, கடையில் அதற்கு யாருக்கு நேரம்? உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவு தயாராகும் இடத்தில் எளிதில் கழுவிச் சுத்தம் செய்யக்கூடிய தரையை எதிர்பார்க்கிறது. இந்தக் கல் அங்கே நிற்காது. ஹாலுக்கு அனுமதி கொடுக்கும்போது, அதே வார்ப்பிலிருந்து நாற்பது கல் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் உடைந்த கல்லுக்கு அதே நிறம் கிடைக்காது, கைவேலை என்றால் அப்படித்தான்.

கல்லா விஷயத்தில் பெரும்பாலும் கல்லாவை நகர்த்தவே வேண்டியிருக்காது. அவர்கள் பார்ப்பது, கல்லாவில் உட்காருகிறவர் வடக்கோ கிழக்கோ பார்க்க வேண்டும் என்பது. மேசையை எல் வடிவில் திருப்பி நாற்காலியை மாற்றினால் முடிந்துவிடும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. வெறும் ஹாலில் சாக்பீஸால் கல்லா, காபி கொடுக்கும் இடம், வாசல் மூன்றையும் வரைந்து, ஆறு பேரை நடக்கவிட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பில் போட நிற்கும் வரிசையும், சூடான காபியோடு திரும்பி வருகிறவர் பாதையும் குறுக்கே வெட்டிக்கொண்டால் அந்த இடம் ஆகாது. முருகன் படத்துக்குக் கல்லாவுக்குப் பின்சுவரில், பிராண்டு சின்னம் இல்லாத பக்கத்தில் ஒரு மாடம் போதும். மின்விளக்கு மட்டும், கற்பூரமும் எண்ணெய் விளக்கும் அங்கே வேண்டாம். இதை மறுத்துச் சண்டை போட்ட தலைமை அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கடையிலும் எப்படியும் படம் வந்துவிட்டது, அளவும் இடமும் மட்டும் அவரவர் இஷ்டப்படி.

எனக்கு நிச்சயமில்லாதது, இந்தப் பழைய முகப்பு கூட்டத்தைக் கூட்டுமா குறைக்குமா என்பது. வெளியூர்க்காரர் படம் எடுக்க வருவார். உள்ளூர்க்காரர் "இது டூரிஸ்ட் கடை, விலை ஜாஸ்தியா இருக்கும்" என்று தாண்டிப் போகவும் கூடும். அதனால் விலைப்பட்டியலைத் திண்ணையிலேயே தெரியும்படி வைக்கச் சொல்லுவேன். "ஆறு மாதம் சோதனைக்கு" என்று ஒரு வரி சேர்க்க மேலாளர் சொல்லலாம். விலைப்பலகை, மேசை நாற்காலி இவற்றுக்கு அது பொருந்தும். தரைக்கல்லுக்கும் முகப்புக்கும் அப்படி எழுதாதீர்கள். அவர் காசில் பதித்த கல்லை ஆறு மாதம் கழித்துப் பெயர்க்கச் சொல்லப்போகிறீர்களா? அது நிபந்தனை ஆகாது, மிரட்டல். அப்புறம், நான் உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. அதில் மாற்றங்களுக்கு யார் கையெழுத்து வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கும், அந்த ஆள் பெயரில்தான் பதில் போக வேண்டும்.

அனுப்பும் முன் ஏரியா மேனேஜரைக் கூப்பிட்டு, இடம் பார்க்கப் போனபோது என்ன சொன்னார் என்று கேளுங்கள். "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லியிருப்பார், அல்லது வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் போட்டிருப்பார். எதிர்த்தரப்பு அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் கடிதம் பொய் சொல்வதுபோல் ஆகிவிடும். பிறகு அவரை நீங்களே போனில் கூப்பிட்டு, இரண்டு மறுப்பையும் முதலில் வாயால் சொல்லிவிடுங்கள். அப்பா வயசுக்காரருக்கு மறுப்பு மெயிலில் முதன்முதலாகத் தெரியக்கூடாது. அன்று மாலையே கடிதம் போகட்டும். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். காரைக்குடிக் கடை பற்றி நீங்கள் அனுப்பிய மெயிலும் படங்களும் கிடைத்தன. இன்று காலை தொலைபேசியில் பேசியதை எழுத்தில் உறுதி செய்கிறேன்.

பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி, விதியும் அதுதான். எங்கள் பழைய வரைபடத்தைத் திருத்தி, தமிழ் எழுத்து வடிவத்தோடு புதிய கோப்பை இன்னும் பத்து நாளில் அனுப்புகிறோம். அது வரும்வரை பலகைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

பச்சை, க்ரீம் நிறங்களை மாற்ற இயலாது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் நம் கடையை அடையாளம் காண்பது நிறத்தை வைத்துத்தான். வீட்டின் அழகு மறையக்கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்காக முகப்பு முழுவதும் வரும் பலகையை விட்டுவிட்டு, வாசலுக்கு மேல் ஆறடிக்கு இரண்டடிப் பலகை மட்டும் வைக்கச் சம்மதிக்கிறோம். ஷீட்டின் ஷேடு எண்ணும் விளக்கின் அளவும் இணைப்பில் உள்ளன.

பிராண்டு பெயருக்கு முன்னாலோ பின்னாலோ வேறு பெயரையோ எழுத்துகளையோ சேர்க்க இயலாது. ஒருவேளை நம் ஒப்பந்தம் முடிந்தால், எந்தப் பெயர் யாருடையது என்ற குழப்பம் உங்களுக்கும் எங்களுக்கும் வரக்கூடாது. நுழைவாயிலில் 'உரிமம் பெற்று நடத்துபவர்' என்ற தகட்டில் உங்கள் விலாசமும் நிறுவனப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணோடு இடம்பெறலாம். மாதிரி இணைத்திருக்கிறேன்.

திண்ணை, தூண்கள், ஹாலில் ஆத்தங்குடிக் கல், கல்லாவின் திசை, சுவாமி படத்துக்கு மாடம் ஆகியவற்றுக்கு, இணைப்பில் உள்ள நிபந்தனைகளோடு அனுமதி அளிக்கிறோம். சமையலறைத் தரைக்கு இது பொருந்தாது. முகப்பு வேலை தொடங்கும் முன், வீட்டு உரிமையாளர்கள் அனைவரின் சம்மதக் கடிதத்தின் நகல் எங்களுக்கு வேண்டும்.

இந்த அனுமதி இந்த முகவரிக்கு மட்டும். கடையை இடம் மாற்றினால் புதிதாகப் பேசுவோம். இதற்கு முன் எங்கள் தரப்பில் யாராவது வாய்மொழியாக வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் சொன்னதை நம்பி நீங்கள் ஏற்கெனவே ஏதாவது பொருள் வாங்கியிருந்தால் பில்லோடு தெரிவியுங்கள், அதைத் தனியே பேசித் தீர்ப்போம். ஏற்றுக்கொள்வதாக நகலில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்."

கடைசிப் பத்தியில் பில் பற்றிய வரியை மேலாளர் வெட்டச் சொல்வார். வெட்ட விடாதீர்கள். மெரூன் ஷீட்டுக்கு அவர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அந்தச் சில ஆயிரம் ரூபாய்தான் மொத்தத் தகராறுக்கும் வேராக இருக்கும். உங்களுடையது முதலீடு முழுக்க பிரான்சைஸி போடும் ஏற்பாடு என்றால் இது இன்னும் உறைக்கும்.

கையெழுத்தான நகல் வந்ததும் அலுவலகத்தில் ஒரு பதிவேடு தொடங்குங்கள், எக்ஸெல் போதும். எந்தக் கடை, எந்த மாற்றம், என்ன காரணம், யார் அனுமதித்தது, எந்தத் தேதி. காரணம் என்ற கட்டத்தில் "கேட்டார், கொடுத்தோம்" என்று எழுத நேர்ந்தால் அந்த அனுமதி தப்பு. இந்தக் கடையின் படம் மற்ற பிரான்சைஸிகளின் வாட்ஸப் குழுவுக்குப் போக ஒரு வாரம் ஆகாது, கும்பகோணத்துக்காரர் "அவருக்கு மட்டும் எப்படி சின்னப் போர்டு?" என்று கேட்பார். நூறு வருஷப் பழைய முகப்பு, பங்காளிகள் சம்மதக் கடிதம், அதே பச்சை என்று பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்லலாம். அவரிடமும் அப்படி ஒரு வீடு இருந்தால் அவருக்கும் கொடுக்க வேண்டியதுதான்.